டேர்ம் காப்புறுதி: முதல்முறை எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கட்டின காசு திரும்பி வராதாமே? பிறகு எதற்குக் கட்டுவது?

உண்மைதான், வராது. டேர்ம் காப்புறுதி குறித்த ஒரு காலத்துக்கு மட்டுமான ஒப்பந்தம். 20 வருடத்துக்கு எடுத்தால், அந்த 20 வருடத்துக்குள் நீங்கள் இறந்தால் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை குடும்பத்துக்குப் போகும். 20 வருடமும் சுகமாக இருந்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும், ஒரு சதமும் கிடைக்காது. மோட்டார் சைக்கிளுக்கு வருடாவருடம் இன்சூரன்ஸ் கட்டுகிறோம். விபத்து நடக்காத வருடத்தில் அந்தக் காசு வீணாய்ப் போனதென்று யாரும் கவலைப்படுவதில்லை. இதுவும் அப்படித்தான்.

உங்கள் வயதில் இருக்கும் பலர் கட்டும் காசிலிருந்துதான், அவர்களில் இறந்துபோகும் ஒருசிலரின் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். முப்பது, முப்பத்தைந்து வயதில் இறப்பவர்கள் மிகக் குறைவு. கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். நீங்கள் எடுக்கும் காலம் முடியும்வரை உயிரோடு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதை மறைத்து, பக்கத்து ஊர்ச் சாவீட்டுக் கதையைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்பவரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

ஏஜென்ட் வேறொன்று சொல்கிறார்: மாதம் 10,000 கட்டினால் 20 வருடத்தில் 40 இலட்சம் வருமாம். அது நல்லதில்லையா?

கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாதம் 10,000 ரூபா வீதம் 20 வருடத்தில் நீங்கள் கட்டுவது 24 இலட்சம். 40 இலட்சம் என்றதும் 16 இலட்சம் இலாபம் என்று தோன்றும். ஆனால் அதே 10,000-ஐ மாதாமாதம் வங்கியில் போட்டு 20 வருடத்தில் 40 இலட்சமாக்க, ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வட்டி போதும். நிலையான வைப்புக்கு உங்கள் வங்கி இன்று என்ன தருகிறது என்று கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏஜென்ட் சொல்வது சேமிப்பும் காப்புறுதியும் கலந்த திட்டம். இந்தக் கலப்புத் திட்டங்களிலும் உயிர்க் காப்புறுதி இருக்கிறது. ஆனால் கட்டும் காசில் பெரும்பகுதி சேமிப்புக்குப் போவதால், கிடைக்கும் காப்புறுதித் தொகை சிறியது. குடும்பத்துக்கு ஒரு கோடி தேவைப்படுகிற இடத்தில் 15, 20 இலட்சம்தான் இருக்கும். அப்புறம் ‘40 இலட்சம் வரும்’ என்று காட்டுகிற தாளில் எவ்வளவு உறுதி செய்யப்பட்டது, எவ்வளவு போனஸ் எதிர்பார்ப்பு என்று கேளுங்கள். எதிர்பார்ப்பு என்பது வாக்குறுதி அல்ல.

ஏஜென்ட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கட்டும் தொகையில் ஒரு பங்குதான் அவருக்குக் கொமிஷன். 10,000 கட்டும் பொலிசியில் கிடைப்பது 2,000 கட்டும் பொலிசியில் கிடைக்காது. டேர்ம் பற்றிக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றினால் இந்தக் காரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும் பழக்கம் இல்லாத ஒருவருக்குக் கலப்புத் திட்டம் உதவலாம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் சின்னக் குழந்தைகளும் கடனும் இருக்கிற வீட்டுக்கு முதலில் டேர்ம், சேமிப்பு தனியாக. என் அபிப்பிராயம் அது.

எனக்கு உண்மையிலேயே தேவைதானா?

உங்கள் உழைப்பு நின்றால் யாருடைய சாப்பாடு, படிப்பு, கடன் தவணை நிற்கும்? ஒருவரும் இல்லையென்றால் தேவையில்லை. கல்யாணம் ஆகாதவர், பெற்றோரை வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்கள் பார்க்கிறார்கள், கடன் இல்லை என்றால் இப்போதைக்கு விடலாம். பிள்ளைகள் உழைக்கத் தொடங்கிவிட்ட 58 வயதுக்காரருக்கும் பெரும்பாலும் தேவைப்படாது.

நிரந்தர அரசாங்க உத்தியோகத்தர் என்றால் பாதி தேவைதான் இருக்கலாம். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் ஏற்கெனவே கழிக்கிறார்கள், அக்ரஹார காப்புறுதியும் இருக்கிறது. அவற்றில் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் எடுங்கள். கடைச் சம்பளம், ஓட்டோ, மேசன் வேலை, சொந்த வியாபாரம், தோட்டம் என்று இருப்பவர்களுக்கு அப்படி ஒரு ஓய்வூதியம் இல்லை.

எவ்வளவு தொகைக்கு எடுக்க வேண்டும்?

‘வருடச் சம்பளத்தைப் போல் பத்து மடங்கு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைவிட வீட்டுக் கணக்கைப் பார்ப்பது நல்லது. ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். ஆட்கள் கற்பனை, கணக்கு நடைமுறையில் வருவது.

கொக்குவிலில் இருக்கிறார்கள். அவருக்கு வயது 34, சுன்னாகத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு வேலை. மனைவி வீட்டில் தையல், மாதம் 25,000 வரும். பிள்ளைகளுக்கு 9 வயதும் 5 வயதும். கடன் தவணையை விட்டுப் பார்த்தால் வீட்டுச் செலவு மாதம் 92,000. அதில் அவருடைய பெற்றோல், போன், வெளிச்சாப்பாடு என்று 20,000 அவருக்கே போகிறது. அவர் இல்லாவிட்டால் செலவு 72,000. மனைவியின் 25,000-ஐக் கழித்தால் மாதம் 47,000 துண்டு விழும். வருடத்துக்கு 5 இலட்சத்து 64 ஆயிரம்.

எத்தனை வருடத்துக்கு? சின்னவனுக்கு 22 வயது ஆகும்வரை என்று வைத்தால் 17 வருடம். பெருக்கினால் 95 இலட்சத்து 88 ஆயிரம். அதோடு வீடு திருத்த எடுத்த கடனில் மிச்சம் 14 இலட்சம், அடைவில் இருக்கும் நகை 3.5 இலட்சம். எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 1 கோடி 13 இலட்சம். ஏற்கெனவே கையில் இருப்பதைக் கழிக்க வேண்டும்: ஊழியர் சேமலாப நிதியில் 11 இலட்சம், வங்கியில் 3 இலட்சம். மிச்சம் 99 இலட்சத்துச் சொச்சம். அவருக்குத் தேவை 1 கோடி.

அந்தத் திருத்தக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைத்தவர்கள் கூட வேலை செய்யும் இரண்டு பேர். கடனாளி இறந்தால் வங்கி அவர்களைத்தான் தேடி வரும். அந்த 14 இலட்சத்தைக் கணக்கில் சேர்த்தது அவர்களுக்காகவும்தான்.

கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்புகிற காசைக் கழிக்கலாமா என்று கேட்பார்கள். நான் கழிக்க மாட்டேன். அவருக்கும் குடும்பம், மோர்கேஜ் எல்லாம் இருக்கிறது. அவர் உதவினால் அது மேலதிகம்.

இந்தக் கணக்கில் ஒரு பலவீனம் இருக்கிறது. கிடைக்கும் ஒரு கோடியை வங்கியில் போட்டால் வரும் வட்டியும், சாமான் விலை ஏறுவதும் ஏறத்தாழச் சமமாகிவிடும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. அப்படி ஒரு வருடம் வந்தால் இந்தக் கணக்கு நிற்காது. அதனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் போட்டு, தேவையென்றால் சிறிதாக இன்னொரு பொலிசி எடுப்பதுதான் வழி.

ஒரு கோடிக்குக் கட்ட வசதியில்லை. என்ன செய்வது?

கட்டக்கூடிய தொகைக்கு எடுங்கள். மேலே சொன்ன குடும்பத்தில் 17 வருடத்துக்குப் பதிலாக 10 வருடச் செலவை மட்டும் பார்த்தால் 56 இலட்சத்து 40 ஆயிரம், கடனும் அடைவும் 17.5 இலட்சம், கையிருப்பு 14 இலட்சத்தைக் கழித்தால் கிட்டத்தட்ட 60 இலட்சம். கடனை அடைத்து, மூத்த பிள்ளை உழைக்கத் தொடங்கும் வயதுவரை வீட்டை ஓட்டப் போதுமான தொகை அது. ஒரு கோடிக்கு எடுத்து இரண்டாவது வருடத்தில் கட்ட முடியாமல் விடுவதைவிட 60 இலட்சத்தைக் கடைசிவரை கட்டுவது எவ்வளவோ மேல்.

எத்தனை வருடத்துக்கு எடுப்பது? 75 வயதுவரை எடுக்கச் சொல்கிறார்கள்.

கடைசிப் பிள்ளை சொந்தக் காலில் நிற்கும்வரையும், கடன் முடியும்வரையும். இவருக்கு 17 வருடம் போதும், கொஞ்சம் பிந்தினாலும் 20. வயது ஏற ஏற இறப்பு வாய்ப்பும் ஏறும், 70-க்கு மேற்பட்ட வருடங்களின் விலையையும் சேர்த்துத்தான் கட்டணம் போடுவார்கள். யாரும் உங்களை நம்பியிராத வருடங்களுக்கு இன்றைக்கே காசு கட்டுவது வீண்.

ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கட்டணம் கடைசி வருடம்வரை மாறாதா, இல்லை வருடாவருடம் புதுப்பித்து ஏறுமா? ஏறுகிற வகை முதல் வருடம் மிக மலிவாகத் தெரியும். இரண்டு கம்பனிகளின் விலை வெகுதூரம் விலகியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வீட்டுக்கடன் எடுத்தபோதே வங்கி ஒரு காப்புறுதி போட்டது. அது போதாதா?

அது வங்கியின் கடனுக்கான காப்புறுதி. கடன் குறையக் குறைய காப்புறுதித் தொகையும் குறையும், நீங்கள் இறந்தால் காசு வங்கிக்குப் போய்க் கடன் அடைபடும். வீடு மிஞ்சும், அது பெரிய விஷயம்தான். ஆனால் அடுத்த மாத மின்சாரப் பில்லுக்கு அதிலிருந்து ஒன்றும் வராது. அது இருந்தால் உங்கள் கணக்கிலிருந்து அந்தக் கடனை மட்டும் எடுத்துவிடுங்கள். மேலே சொன்னவரின் 14 இலட்சத்துக்கு அப்படி இருந்திருந்தால் 86 இலட்சம் போதும்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறதென்றால் இதை வாசியுங்கள். கிளெய்ம் மறுக்கப்படுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று முன்மொழிவுப் படிவத்தில் மறைத்த வருத்தம்தான்.

பெரும்பாலும் நடப்பது இப்படி. முகவர் பின்னேரம் வீட்டுக்கு வருவார். தேத்தண்ணி குடித்தபடி ஆங்கிலப் படிவத்தைத் தொடையில் வைத்து அவரே நிரப்புவார். ‘வருத்தம் ஒன்றும் இல்லைத்தானே அண்ணை?’ என்பார். நீங்கள் ‘கொஞ்சம் சுகர் இருக்கு, குளிசை போடுறன்’ என்றால், ‘இப்ப ஆருக்குத்தான் இல்லை, அதெல்லாம் எழுதத் தேவையில்லை’ என்று ‘இல்லை’ என்ற கட்டத்தில் சரி போட்டுவிடுவார். கையெழுத்து உங்களுடையது. எட்டு வருடம் கழித்து மாரடைப்பில் இறந்தால் கம்பனி வைத்தியசாலைப் பதிவுகளைக் கேட்கும். பிரதேச வைத்தியசாலையில் மாதாமாதம் காட்டிய கிளினிக் கொப்பியில் சீனி வருத்தம் தொடங்கிய திகதி இருக்கும். அது படிவத்தில் கையெழுத்து வைத்த திகதிக்கு முந்தியது. முகவரிடம் வாயால் சொன்னதற்கு உங்கள் மனைவியிடம் சாட்சி இல்லை. அந்த முகவர் அப்போது வேலையில்கூட இருக்கமாட்டார்.

உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், தொகை பெரிதென்றால் ஈசிஜியும் எடுப்பார்கள். மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு, எவ்வளவு காலமாக இருக்கிறது, சிறுநீரகம், கண், இதயம் எப்படி என்பதைப் பார்த்து ஒன்று வழமையான கட்டணம் போடுவார்கள், அல்லது மேலதிகக் கட்டணம் கேட்பார்கள், அல்லது மறுப்பார்கள். ஒரு கம்பனி மறுத்ததை இன்னொன்று ஏற்கலாம். ஆனால் மறுக்கப்பட்டதையும் அடுத்த படிவம் கேட்கும், மறைக்க வேண்டாம். மேலதிகக் கட்டணம் கசப்பாக இருக்கும். ஆனால் அந்தக் காசு கொடுத்து எடுத்த பொலிசியைப் பிறகு இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

பிரஷர், கொலஸ்ட்ரோல், பழைய சத்திரசிகிச்சை, சிகரெட், குடி, பெற்றோரின் இதய நோய் எல்லாம் இதே வகைதான். படிவம் கேட்டால் எழுதுங்கள். தமிழ்ப் படிவம் தரச் சொல்லுங்கள், உங்கள் கையால் நிரப்புங்கள், கையெழுத்து வைத்தபின் எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து மனைவிக்கும் அனுப்புங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

விபத்து, பாரிய நோய், ஆஸ்பத்திரிப் பணம் எல்லாம் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

இவை தனித்தனியாகக் காசு கட்டிச் சேர்க்கும் மேலதிக நன்மைகள். விபத்தில் இறந்தால் இரட்டிப்பு என்பதைவிட, எப்படி இறந்தாலும் போதுமான தொகை இருப்பதே முக்கியம். வீட்டுச் செலவு எப்படி இறந்தீர்கள் என்று பார்த்து வருவதில்லை. நிரந்தர ஊனத்துக்கான நன்மையை மட்டும் நான் யோசிப்பேன், மேசன், ஓட்டோ, கடல் தொழில் செய்பவர்கள் கட்டாயம் விலை கேட்க வேண்டும்.

பயனாளியாக யாரைப் போடுவது?

கல்யாணத்துக்கு முன் எடுத்த பொலிசியில் அம்மாவின் பெயர் இருக்கும், பிறகு மாற்ற மறந்துவிடுவார்கள். மாற்றம் எழுத்தில் கொடுத்து, கம்பனி பதிந்ததற்கான கடிதம் வாங்கினால்தான் கணக்கு. பிள்ளையின் பெயரைப் போட்டால் 18 வயதுவரை காசைப் பொறுப்பெடுப்பவர் யார் என்பதையும் எழுதுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தலையிடி பெயர் எழுத்து. அடையாள அட்டையில் Sivarasa, பிறப்புச் சான்றிதழில் Sivarajah, கல்யாணப் பதிவில் மூன்றாவது ஒன்று. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக, ஓரிடத்தில் முழுதாக. உயிரோடு இருக்கும்போது இதைச் சரிசெய்ய ஒரு சத்தியக் கடதாசி போதும். இறந்தபின் விதவைப் பெண் அதே கடதாசிக்காக விதானையார், பிரதேச செயலகம், சட்டத்தரணி என்று அலைய வேண்டும். பொலிசி வந்த அன்றைக்கே உங்கள் பெயரையும் பயனாளியின் பெயரையும் அடையாள அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அட்டை இலக்கத்தையும் பாருங்கள், பழைய ஒன்பது இலக்கமும் எழுத்தும் கொண்ட அட்டையிலிருந்து 12 இலக்கத்துக்கு மாறியிருந்தால் கம்பனிக்கு அறிவியுங்கள்.

ஒரு மாதம் கட்டத் தவறினால்?

சலுகை நாட்கள் உண்டு, பெரும்பாலும் ஒரு மாத அளவு, எத்தனை நாள் என்பது பொலிசியில் இருக்கும். அதற்குள் கட்டினால் பிரச்சினை இல்லை. தாண்டினால் பொலிசி செயலிழக்கும். டேர்மில் சேர்ந்த காசு என்று ஒன்று இல்லாததால், செயலிழந்தால் காப்புறுதி அப்படியே பூச்சியம். திரும்ப உயிர்ப்பிக்கலாம், ஆனால் மறுபடியும் உடல்நலம் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு வருத்தம் வந்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிபடும் ஒழுங்கைச் செய்வது நல்லது. முகவரின் கையில் காசு கொடுத்தால் கம்பனியின் பற்றுச்சீட்டு இல்லாமல் விடாதீர்கள்.

இறந்தபின் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்? கம்பனி உண்மையில் கொடுக்குமா?

கிளைக்கு எழுத்தில் அறிவித்துக் கோரிக்கைப் படிவம் வாங்க வேண்டும். மரணச் சான்றிதழ், பொலிசிப் பத்திரம், இருவரின் அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ், சிகிச்சை பெற்றிருந்தால் வைத்தியசாலைப் பதிவுகள் கேட்பார்கள். விபத்து அல்லது திடீர் மரணம் என்றால் மரண விசாரணை அறிக்கையும், பிரேத பரிசோதனை அறிக்கையும், சிலவேளை பொலிஸ் அறிக்கையும். மூலப் பத்திரங்களைக் கொடுக்கும்போது பிரதி வைத்துக்கொண்டு, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

படிவம் உண்மையாக நிரப்பப்பட்டு, கட்டணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் மறுக்கக் காரணம் அதிகம் இல்லை. தொடக்கக் காலத்துக்குள் நடக்கும் தற்கொலைக்குப் பெரும்பாலான பொலிசிகளில் காசு இல்லை, பொதுவாக முதல் வருடம். பொலிசி எடுத்துக் கொஞ்ச நாளில் நடந்த மரணங்களைக் கூடுதலாக ஆராய்வார்கள். அது தாமதமே தவிர மறுப்பு அல்ல.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு, அங்கே முடியாவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 2000-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிகளைப் பதிவதும் கண்காணிப்பதும் அந்த ஆணைக்குழுதான். வாங்குமுன் கம்பனி அங்கே பதிவானதா என்று பார்ப்பதும் அதனால்தான்.

பொலிசி கையில் வந்துவிட்டது. வாசித்தால் முகவர் சொன்னது ஒன்று, இதில் இருப்பது ஒன்று. இப்போது திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பத்திரம் கிடைத்ததும் வாசித்து முடிவை மாற்றிக்கொள்ள ஒரு கால அவகாசம் உண்டு, எத்தனை நாள் என்று பத்திரத்திலேயே இருக்கும். அதற்குள் எழுத்தில் அறிவித்தால் பரிசோதனைச் செலவு போன்றவற்றைக் கழித்து மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். அந்த அவகாசம் பத்திரம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குவதால், முகவர் கொண்டுவந்து தரும்போது வாங்கிய திகதியைப் போட்டுக் கையெழுத்து வையுங்கள். மூன்று வாரம் தன் பையில் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த வருடம் வெளிநாடு போகும் யோசனை. இங்கே எடுத்தது அங்கேயும் செல்லுமா?

பல பொலிசிகள் செல்லும், ஆனால் நாட்டையும் வேலையையும் பொறுத்தது. யோசனை இருக்கும்போதே படிவத்தில் எழுதுங்கள், போவதற்கு முன் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துப் பதில் கடிதம் வாங்குங்கள். கணக்கு வேலையில் இருந்தவர் கட்டாரில் உயரக் கட்டட வேலைக்குப் போனால் கம்பனிக்கு அது வேறு ஆபத்து. கட்டணம் இலங்கை ரூபாவில் தொடர்ந்து கட்டப்பட இங்கே ஒரு கணக்கில் காசு இருக்க வேண்டும், பத்திரம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.